வெள்ளைப் பூனை சாம்பலா வருது, கருப்பு நாய் வெளுத்துப்போய் வருது, என்ன பண்றது?

பூனைவீடு: ரெண்டு வாரமா மண்டை காயுதுங்க. ஒரே ஜன்னல் வெளிச்சம், அப்பர்ச்சர் மோட், f/4, ஐஎஸ்ஓ 800. வெள்ளை பெட்ஷீட்ல படுத்திருக்கிற வெள்ளைப் பூனை அழுக்குத் துணி மாதிரி வருது, அதே இடத்துல கருப்புத் துணி மேல கருப்பு நாய எடுத்தா வெளுத்துப்போகுது. பூனை வெள்ளைதானே, வெளிச்சத்த குறைப்போம்னு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன -1 வச்சேன், இன்னும் மோசம். மீட்டர் ரிப்பேரா?

நிழல்குடை: ரிப்பேர்லாம் இல்ல. வெள்ளைன்னா ப்ளஸ், கருப்புன்னா மைனஸ். எப்பவும் இதான்.

பழையலென்ஸ்: எப்பவும்னு சொல்ல முடியாது நண்பா. கேமராவுக்கு பூனைன்னு தெரியாது, ஃப்ரேம்ல இருக்குறத நடுச் சாம்பலுக்கு கொண்டுவரப் பாக்கும், அதான் ஃப்ரேம் முழுக்க வெள்ளைன்னா இருட்டாக்குது, முழுக்க கருப்புன்னா வெளுக்குது. ஆனா இதே பூனை பெரிய கருப்புத் துணி நடுவுல சின்னதா உக்காந்திருந்தா கேமரா துணிய பாத்து வெளிச்சத்த ஏத்திடும், பூனையோட முடியே தெரியாம வெளுத்துரும், அங்க வெள்ளைக்கே மைனஸ்தான் வைக்கணும். பூனைவீடு, ரெண்டுத்துக்கும் ஷட்டர் எவ்ளோ காட்டுச்சு?

பூனைவீடு: பூனைக்கு 1/250, நாய்க்கு 1/30.

பழையலென்ஸ்: பாருங்க, ஒரே வெளிச்சத்துக்கு இவ்ளோ வித்தியாசம் வரவே கூடாது. பூனைக்கு +1.3 வைங்க, 1/100 ஆகும். நாய்க்கு -1.7, அதுவும் 1/100தான். எடுத்தப்புறம் ஹைலைட் அலர்ட் ஆன் பண்ணிப் பாருங்க, ரொம்ப வெளுத்த இடம் ஸ்க்ரீன்ல சிமிட்டும், பூனை மேல சிமிட்டுச்சுன்னா கொஞ்சம் இறக்குங்க. ஸ்க்ரீன் பளிச்சுனு தெரியறத மட்டும் நம்பாதீங்க.

மூணாம்கண்: எனக்கு இந்த ப்ளஸ் மைனஸ் டயல எவ்ளோ திருப்பினாலும் போட்டோல ஒண்ணுமே மாறல, M மோட்ல எடுக்குறேன், இதுக்கும் அதே காரணமா?

பழையலென்ஸ்: உங்களுது வேற விஷயம். M மோட்ல ஐஎஸ்ஓவையும் நீங்களே வச்சுட்டா கேமரா மாத்துறதுக்கு எதுவும் மிச்சமில்ல. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டா நிறைய மாடல்ல வேலை செய்யும்.

பூனைவீடு: பண்ணிப் பாத்துட்டேன்! பூனை வெள்ளையாவே வந்துச்சு, மீசை ஒவ்வொண்ணா தெரியுது, ஆனா 1/100ல தலைய திருப்பினப்ப கலங்கிடுச்சு, ஐஎஸ்ஓ 1600க்கு ஏத்தினேன், 1/200 கிடைச்சுது. நாய்க்கு -1.7ல முடி அப்பிப்போன மாதிரி இருந்துச்சு, -1தான் புடிச்சிருக்கு. இன்னொண்ணு, +1.3அ மறந்து விட்டுட்டேன், மறுநாள் காலைல மாடில எடுத்தது பூரா வெளுப்பு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் மாறலியே.

பழையலென்ஸ்: நிறைய கேமராவுல அப்படியேதான் நிக்கும், எடுத்து முடிச்சதும் 0க்கு கொண்டுவந்துருங்க. நாய்க்கு -1 சரிதான், கருப்பு முடில விவரம் வேணும்னா அளவா நிறுத்தணும்.

நிழல்குடை: சரி, ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல ஒட்டிப் படுத்திருந்தா?

பழையலென்ஸ்: நான் பூனை மேல அலர்ட் சிமிட்டாத அளவுக்கு வச்சு ரா ஃபைல்ல நாய தூக்குவேன். சத்தியமா அது எனக்கும் பாதி நேரம் சரியா வர்றதில்ல. வேற யாராச்சும் எப்படி பண்றீங்க?