மறு: பூமியின் அச்சு 'ஆடுவதற்கு' ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

மலர்விழி, சேலம்:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் சொற்பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன். பனியூழிகளைப் பற்றிய பாடத்தில், பூமியின் அச்சு வட்டமிடும் பிரிசெஷன், அச்சின் சாய்வைக் குறிக்கும் ஆப்ளிக்விட்டி என்று இரண்டு வருகின்றன. இரண்டுக்கும் சேர்த்து 'அச்சாட்டம்' என்று போட்டிருந்தேன். தேர்வில் ஒரு மாணவி எழுதியது: "பூமியின் அச்சு ஆடுவதால் இப்போது வெயில் அதிகமாகிவிட்டது." அவளைக் குறை சொல்ல முடியவில்லை. நான் கொடுத்த சொல் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. வேறு சொல் வேண்டும்.

அன்பு, ஆத்தூர்:

அம்மா, புதிதாக எதற்கு? பஞ்சாங்கத்தில் 'அயன சலனம்' இருக்கிறதே. அயனம் தொடங்கும் இடம் விண்மீன்களுக்கு நடுவே 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகரும். அதனால்தான் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 வாக்கில், நாம் பொங்கல் வைப்பது ஜனவரி 14 வாக்கில். கிட்டத்தட்ட 24 நாள் விலகிவிட்டது. அந்த மாணவி எழுதியதிலும் ஓரளவு நியாயம் இருப்பதாகவே படுகிறது. இவ்வளவு விலகிய பிறகு வெயில் மட்டும் அப்படியே இருக்குமா?

கோவிந்தன், ஏற்காடு:

எனக்குச் சொல் விவாதம் தெரியாதுங்க. மலை மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். காப்பி பூக்க மாசி, பங்குனியில் விழ வேண்டிய மழை முன்பு போல நேரத்துக்கு வருவதில்லை. மார்கழி ராத்திரி இருந்த குளிரும் இப்போது இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பூமியின் அச்சே நகர்ந்துவிட்டது என்று செய்தியில் படித்தேன். நீங்கள் பேசுவது அதைத்தானே?

செல்வராசு, சேலம் (ஓய்வுபெற்ற நிலவியலாளர்):

கோவிந்தன் அண்ணன் சொன்ன செய்தி உண்மைதான், ஆனால் அது மூன்றாவது ஒன்று. 1993 முதல் 2010 வரை நிலத்தடி நீரை எடுத்ததால் துருவம் ஏறத்தாழ 80 செ.மீ. நகர்ந்ததாக 2023இல் கணக்கிட்டார்கள். அது துருவம் நிலத்தின் மேல் இடம் மாறுவது. சூரியனைப் பார்த்து அச்சு சாய்ந்திருக்கும் கோணம் அதனால் மாறாது. அதைத் 'துருவ நகர்வு' என்று தனியாக வைத்துவிடலாம். மழைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இனி அம்மா கேட்ட இரண்டு. பம்பரம் வேகம் குறையும்போது அதன் தலை ஒரு வட்டம் போடும். பூமியின் அச்சும் அப்படித்தான், ஒரு வட்டத்துக்கு 26,000 ஆண்டு. சாய்வு எவ்வளவு என்பது இதில் மாறாது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் மாறும். இன்னொன்றில் சாய்வின் அளவே மாறுகிறது. 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய்வர 41,000 ஆண்டு ஆகும். இப்போது 23.44, குறைந்துகொண்டே வருகிறது. ஒன்று சுற்றுவது, மற்றது போய்வருவது. இரண்டையும் 'ஆட்டம்' என்று ஒரே மூட்டையில் கட்டினால் குழப்பம்தான்.

அன்பு தம்பி, அயன சலனம் நல்ல சொல், வானியலுக்குச் சரி. ஆனால் அந்த 24 நாள் விலகல் நம் ராசிக் கணக்குக்கும் பருவத்துக்கும் இடையே ஏற்பட்டது. பருவம் அலுவலக நாட்காட்டியில் அங்கேயேதான் இருக்கிறது, பகலும் இரவும் சமமாகும் நாள் இன்றும் மார்ச் 20 வாக்கில்தான் வருகிறது. தட்பவெப்பத்துக்கு முக்கியம் வேறு. பூமி சூரியனுக்கு மிக அருகே வரும் நாள் எந்தப் பருவத்தில் விழுகிறது என்பதுதான் அது. சுற்றுப்பாதையின் நீள்வட்டமும் மெதுவாகத் திரும்புவதால், அந்த நாள் பருவங்களை ஒரு முறை சுற்றிவர 26,000 ஆண்டு ஆகாது, சுமார் 21,000 ஆண்டுதான்.

அன்பு, ஆத்தூர்:

சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பனியூழியையே கொண்டுவந்த சக்தி, ஒன்றிரண்டு பாகை வெப்பத்தைக் கூட்டாதா?

செல்வராசு, சேலம்:

கணக்குப் போட்டே பார்ப்போம் தம்பி. 1870களிலிருந்து 150 ஆண்டு எடுத்துக்கொள்வோம்.

சாய்வு நூறாண்டுக்கு 0.013 பாகை குறைகிறது. 150 ஆண்டில் 0.02 பாகை. தரையில் பார்த்தால் கடகரேகை தெற்கே இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நகர்ந்திருக்கிறது, அஸ்தம்பட்டியிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். அருகே வரும் நாள் சுமார் 58 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது, ஆக இரண்டரை நாள். இதே காலத்தில் பூமியின் சராசரி வெப்பம் ஒரு பாகை செல்சியசுக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டரை நாள் நகர்வால் அது முடியாது.

திசையும் பொருந்தவில்லை. பனியூழிக்கு வேண்டியது வடக்கே, 65 பாகை அகலாங்கு வாக்கில், கோடை மெலிந்துபோவது. குளிர்காலத்துப் பனி கோடையில் உருகித் தீராமல் மிஞ்சினால், அடுத்த ஆண்டு அதன் மேல் ஏறும். வெண்மை ஒளியைத் திருப்பியனுப்பும், இன்னும் குளிரும். இந்தச் சுழற்சிகளைக் கணக்கிட்ட செர்பிய அறிஞர் மிலன்கோவிச் கோடையைப் பிடித்துக் கணக்குப் போட்டது இதனால்தான். 11,000 ஆண்டுக்கு முன் பூமி சூரியனுக்கு அருகே வந்தது வடக்கின் கோடையில், பனிப்பாளங்கள் உருகின. இன்று அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில். சாய்வும் குறைகிறது. ஆக இந்தச் சுழற்சிகள் இப்போது மெல்லக் குளிர்விக்கும் பக்கம்தான் தள்ளுகின்றன. நாம் காண்பது அதற்கு நேர் எதிர்.

இன்னொன்று. இந்த இரண்டு அசைவும் ஓர் ஆண்டில் பூமி முழுவதும் பெறும் மொத்த வெயிலைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. எந்தப் பருவத்துக்கு, எந்த அகலாங்குக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதோடு சரி. பனியூழியில் உலகம் முழுக்கக் குளிர்ந்ததற்கு அந்தப் பங்கீடு மட்டும் போதவில்லை. பனியின் வெண்மையும், காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 180 வாக்குக்கு இறங்கியதும் சேர்ந்தன. அப்போது அசைவு தொடங்கிவைத்தது, வாயு பெரிதாக்கியது. இப்போது தொடங்கிவைக்க அசைவு ஒன்றும் இல்லை. நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் வாயுவை 420க்கு மேல் ஏற்றிவிட்டன.

கோவிந்தன் அண்ணே, இரவு வெப்பம் பகலை விட வேகமாக ஏறுவது உலகின் பல நிலப்பகுதிகளில் அளந்திருக்கிறார்கள், இந்த வாயு செய்யும் வேலையோடு அது பொருந்துகிறது. ஆனால் உங்கள் தோட்டத்து இரவுக்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நிழல் மரம் போயிருக்கலாம், கட்டடம் வந்திருக்கலாம்.

கோவிந்தன், ஏற்காடு:

வந்திருக்குங்க. பக்கத்துத் தோட்டத்தில் சில்வர் ஓக் பாதி போய், ரிசார்ட் எழும்பிவிட்டது. அப்பா காலத்து மழைக் குறிப்பு நோட்டு இருக்கிறது, வெப்பம் எழுதவில்லை.

சொல்லுக்கு என் யோசனை: சேர்வராயன் கோயிலைச் சுற்றி வருகிறோமே, அது மாதிரி 'வலம்' என்று சொன்னால் என்ன?

செல்வராசு, சேலம்:

அண்ணே, அருமை! அது இன்னொரு வகையிலும் சரியாக அமைகிறது. வடக்கே மேலிருந்து பார்த்தால் அச்சு வட்டம் போடுவது கடிகார முள் போகும் பக்கமாகத்தான். நாம் கோயிலை வலம் வருவதும் அந்தப் பக்கமே. பிரிசெஷனுக்கு 'அச்சுவலம்'. சாய்வு போய்வருவதற்குச் 'சாய்வூசல்'. ஒன்று சுற்று, ஒன்று ஊஞ்சல், யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

அன்பு, ஆத்தூர்:

சாய்வூசலுக்குச் சம்மதம். அச்சுவலத்துக்கு இல்லை. 'வலம்' என்றால் வலப்பக்கம் என்று பிள்ளைகள் படிப்பார்கள். பெயரில் காலமும் தெரியவில்லை. அந்த மாணவி தடுமாறியது காலத்தில்தானே?

மலர்விழி, சேலம்:

அன்பு கேட்பது சரி. இரண்டையும் அடக்கும் தலைப்பாக 'நெடுஞ்சுழற்சி' என்று வைக்கிறேன், நீளம் அதிலேயே இருக்கிறது. அதன் கீழ் சாய்வூசல் உறுதி. அச்சுவலம், அயன சலனம் இரண்டையும் இப்போதைக்குச் சேர்த்தே அச்சிடுகிறேன், அடுத்த பதிப்புக்குள் வேறு நல்லது கிடைத்தால் எழுதுங்கள்.

செல்வராசு ஐயாவுக்கு ஒரு கேள்வி. பத்து லட்சம் ஆண்டுக்கு முன்புவரை பனியூழி 41,000 ஆண்டுக்கு ஒரு முறை வந்தது, அப்புறம் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை என்று மாறியதாக இதே பாடத்தில் இருக்கிறது. ஏன் மாறியது?

செல்வராசு, சேலம்:

அதற்கு உறுதியான விடை இன்னும் யாரிடமும் இல்லை அம்மா. பனிப்பாளத்தின் அடியில் இருந்த மண் வழித்துப் போனதால் என்பார் உண்டு, வாயு குறைந்ததால் என்பாரும் உண்டு. பட்டியலில் அந்த மாற்றத்துக்குப் பெயர் வைக்காமல் விடுங்கள்.