விடுதி டிவியில் ஹோட்டல் மோட் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏற்காடு விடுதிக்காரர்:
ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் போன் இரண்டே வகை. "படம் வரலீங்க" என்று ஒன்று. போய்ப் பார்த்தால் யாரோ HDMI-யிலிருந்து வேறு இன்புட்டுக்கு மாற்றி வைத்திருப்பார்கள். "பக்கத்து ரூம்ல சத்தம் தாங்கலை" என்பது இன்னொன்று. எங்களுடையது சாம்சங் HG வரிசை டிவி. ரிமோட்டில் MUTE, 1, 1, 9, ENTER என்று விடாமல் அடுத்தடுத்து அழுத்தினால் மெனு திறக்கிறது. ஹோட்டல் மோட் என்பது அதில் Hospitality Mode என்ற பெயரில் இருக்கிறது. அதை ஆன் செய்து, டிவி எந்த இன்புட்டில் திறக்க வேண்டும் என்கிற Power On Source-க்கு HDMI1 கொடுத்தேன். டிவியின் பின்னால் உள்ள பட்டனையும் Panel Button Lock-இல் பூட்டியாகிவிட்டது. பிறகு டிவியை அணைத்துப் போட்டால்தான் எல்லாம் அமலுக்கு வருகிறது. இப்போது இன்புட் குழம்பினாலும், "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று போனிலேயே முடித்துவிடுகிறேன்.

Max Volume மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 25 வைத்தால் சிலர் சத்தமே கேட்கவில்லை என்கிறார்கள்.

லாட்ஜ் மாப்பிள்ளை:
அண்ணே, 119 எந்த டிவிக்கும் வேலை செய்யும். எங்க மாமனார் லாட்ஜில் அப்படித்தான் போட்டோம்.

சர்வீஸ் கணேசன்:
எந்த டிவிக்கும் இல்லை தம்பி, 119 சாம்சங் ஹோட்டல் மாடல்களுக்கு. எல்ஜி என்றால் செட்டிங்ஸ் பட்டனை மெனு மறைகிற வரை விடாமல் பிடித்து, 1105 அடித்து ஓகே கொடுக்க வேண்டும். பிலிப்ஸ் ஹோட்டல் டிவிக்கு 319753, அப்புறம் மியூட். வீட்டுக்கு விற்கிற மாடல்கள் பலவற்றில் இந்த மெனுவே இருக்காது. எந்த எண்ணை அடித்தாலும் சும்மா சேனல்தான் மாறும்.

ஏற்காட்டுக்காரருக்கு: உங்கள் அறையில் செட்டாப் பாக்ஸ் இருக்கிறதல்லவா? அதற்கும் தனி வால்யூம் உண்டு. முந்தின விருந்தினர் பாக்ஸ் ரிமோட்டில் பாதியாகக் குறைத்துவிட்டுப் போயிருப்பார். அதன் மேல் டிவியின் 25 உச்சவரம்பும் சேர்ந்தால் முணுமுணுப்புதான் கேட்கும். முதலில் பாக்ஸை முழு அளவுக்கு ஏற்றுங்கள். சத்தமாக ஒலிக்கிற ஒரு சேனலைப் போட்டுவிட்டு, ஒருவரைப் பக்கத்து அறையில் கதவைச் சாத்தி உட்கார வையுங்கள். டிவியை ஒவ்வொன்றாக ஏற்றி, அவருக்கு வசனம் புரியத் தொடங்குகிற இடத்துக்கு இரண்டு மூன்று கீழே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் கட்டிடத்துக்கான Max Volume. சுவரைப் பொறுத்தது, என்னிடம் கேட்டு எழுதிக்கொள்கிற எண் இல்லை. Power On Volume அதில் பாதிக்கும் கீழே இருக்கட்டும்.

மாலதி, திருச்சி:
இதைப் போட்டால் சந்தா கட்டாமல் எல்லாச் சேனலும் வருமாங்க? எங்கள் வீட்டு டிவியில் போடலாம் என்று பார்க்கிறேன்.

சர்வீஸ் கணேசன்:
வராதும்மா. இது பூட்டு மட்டும்தான். சந்தா பாக்ஸைப் பொறுத்தது.

சேனல் பட்டியலும் அப்படித்தான். பாக்ஸ் HDMI-யில் வரும்போது டிவியின் சேனல் பட்டியலைப் பூட்டி ஒரு பயனும் இல்லை. பாக்ஸிலேயே ஃபேவரிட் பட்டியல் போடுவதுதான் வழி. ஆன்டெனா கேபிள் நேராக டிவிக்குள் போகிற இடத்தில்தான் டிவியின் பட்டியலுக்கு வேலை. அங்கேயும் தேடுவது, வேண்டாததை நீக்குவது, வரிசை மாற்றுவது எல்லாம் முடித்த பிறகு மெனுவைப் பூட்டுங்கள்.

கொடைக்கானல் ஹோம்ஸ்டே:
எங்கள் டிவியிலேயே சாட்டிலைட் ட்யூனர் இருப்பதால் டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸ் இல்லாமலே வருகிறது. Power On Channel-க்கு ஒரு தமிழ்ச் சேனல் வைத்திருந்தோம். ஃப்ரீ டிஷ்ஷில் இடங்களை ஏலம் விடுவதால் ஏப்ரல் வாக்கில் வரிசை மாறிவிடுகிறது. மறுபடி தேடியபோது எங்கள் எண்ணில் வேறு சேனல் உட்கார்ந்திருந்தது, ஆன் செய்ததும் இந்தி வியாபார விளம்பரம்! ஒரு டிவியைச் சரிசெய்து, பென் டிரைவில் Clone TV to USB கொடுத்து, மற்றவற்றில் Clone USB to TV கொடுத்தோம். ஒரே மாடல் டிவிகளுக்குத்தான் இது சரிப்படும். ஹாலில் இருக்கும் வேறு மாடலுக்குக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஏற்காடு விடுதிக்காரர்:
பாக்ஸ் வால்யூம்தான் அண்ணே! இரண்டு அறையில் பாதிக்கும் கீழே கிடந்தது. ஏற்றிவிட்டுச் சுவர் சோதனை செய்தேன். எனக்கு 18 வந்தது, கடைசி அறைக்கு மட்டும் 22.

இனி HDMI2-வையும் மறைக்கலாமா என்று யோசனை. ஃபயர் ஸ்டிக் கொண்டு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

லாட்ஜ் மாப்பிள்ளை:
மறைங்க. பாக்ஸ் வயரைப் பிடுங்கி ஸ்டிக்கைச் சொருகிட்டு, திரும்பச் சொருகாம போறாங்க.

கொடைக்கானல் ஹோம்ஸ்டே:
மறைத்தால்தான் பிடுங்குவார்கள். HDMI2 கைக்கு எட்டும்படி திறந்திருந்தால் HDMI1-ஐ யாரும் தொடுவதில்லை. எங்களிடம் அப்படித்தான்.

லாட்ஜ் மாப்பிள்ளை:
உங்க ஊர் ஆளுங்க வேற, எங்க ஊர் ஆளுங்க வேற.