பொருள்: இலாப மாற்றத்தைக் காட்டும் வாட்டர்ஃபால் சார்ட்டுக்குத் தமிழ்ச்சொல்

மாலதி:
நூற்பாலைப் பங்குதாரர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். போன வருட இலாபத்தில் தொடங்கி, கூடியதும் குறைந்ததும் ஒவ்வொன்றாக வந்து, இந்த வருட இலாபத்தில் முடியும் படத்துக்கு என்ன சொல்லலாம்? ‘அருவிப்படம்’ என்று வைத்திருக்கிறேன்.

செந்தில்:
மென்பொருள் உருவாக்கத்தில் வருவதுதானே? அதை ‘அருவி முறை’ என்றே சொல்கிறோம்.

மாலதி:
அது வேறு, செந்தில். இது கணக்குப் படம்.

இராகவன்:
அருவி கீழேதான் விழும், இலாபம் ஏறவும் செய்யும். ‘ஏற்ற இறக்கப் படம்’ போதும். விற்பனை 10,000 கிலோ கூடி, விலை கிலோ 250 ரூபாய் என்றால், 25 லட்சம் ஏற்றம் என்று ஒரு தூண் போடலாம்.

கலைச்செல்வி:
இராகவன் அண்ணா, ‘ஏற்ற இறக்கம்’ என்றால் பங்குச் சந்தைப் படம்தான் நினைவுக்கு வரும். தூணும் 25 லட்சம் ஆகாது. அந்த நூலுக்குப் பஞ்சு வாங்க வேண்டாமா?

ஓர் உதாரணம் போடுகிறேன். போன வருடம் 1,00,000 கிலோ விற்பனை. விலை 250, பஞ்சு முதலிய மாறும் செலவு 200, கிலோவுக்கு மிச்சம் 50. நிலையான செலவு 30 லட்சம் போக இலாபம் 20 லட்சம். இந்த வருடம் 1,10,000 கிலோ, விலை 260, மாறும் செலவு 215, நிலையான செலவு 32 லட்சம். இலாபம் 17.5 லட்சம்.

கூடுதல் 10,000 கிலோவைப் பழைய மிச்சமான 50 ரூபாயால் பெருக்கினால் 5 லட்சம் ஏற்றம். விலை உயர்வை இந்த வருட அளவால் பெருக்கினால் 11 லட்சம் ஏற்றம். மாறும் செலவால் 16.5 லட்சமும் நிலையான செலவால் 2 லட்சமும் இறக்கம். சரியாக 17.5-இல் வந்து நிற்கும். விலையையும் செலவையும் போன வருட அளவால் பெருக்கினால் 18 வரும், அரை லட்சம் இடிக்கும். பலர் அதை ‘இதர’ என்ற தூணில் தள்ளிவிடுகிறார்கள். அது தப்பு. அளவும் மிச்சமும் சேர்ந்து மாறியதன் விளைவு அது.

இரண்டு இலாபங்களையும் இணைப்பதால் ‘இலாபப் பாலம்’ என்பது என் பரிந்துரை. அலுவலகங்களில் ‘பிராஃபிட் பிரிட்ஜ்’ என்றும் சொல்கிறார்களே.

செந்தில்:
எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். கடைசித் தூண் தரையில் நிற்காமல், முந்தைய தூணுக்கு மேல் ஏறி அந்தரத்தில் நிற்கிறது.

கலைச்செல்வி:
கடைசித் தூணை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் `Set as Total` கொடுங்கள். இல்லாவிட்டால் 17.5-ஐயும் ஓர் ஏற்றமாகக் கூட்டிவிடும். அச்சும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 15-இல் தொடங்கினால் இலாபம் பாதியாகிவிட்டதுபோல் தெரியும்.

இராகவன்:
கணக்கு புரிந்தது. ஆனால் கையிருப்பு மாற்றத்துக்கும் பணியாளர் எண்ணிக்கைக்கும் இதே படத்தைப் போடுகிறோமே, அங்கே ‘இலாபப் பாலம்’ எப்படிப் பொருந்தும்?

மாலதி:
அப்படியானால் படவகைக்கு ‘அருவிப்படம்’, இந்தப் பயன்பாட்டுக்கு ‘இலாபப் பாலம்’ என்று குறிப்பில் எழுதுகிறேன். அந்த அரை லட்சத்துக்கு ‘கூட்டு விளைவு’ சரியா? கூட்டல் என்று நினைத்துவிடுவார்களோ?

கலைச்செல்வி:
நினைக்க வாய்ப்புண்டு. ‘இணை விளைவு’ எப்படி?