கையெழுத்து நோட்டில் 10-இன் அடுக்கு 6-ஆ 8-ஆ? காலனி எண்ணிக்கை அட்டவணையைப் படிக்க உதவி தேவை

மாவுப்பானை (கேட்டவர்):
வணக்கம். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். இட்லி மாவு புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது என்று எங்கள் லேபில் முன்பு படித்த ஒரு சீனியர் செய்த வேலையை நான் தொடர வேண்டும். அவருடைய நோட்டின் ஜெராக்ஸை மொபைலில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள எண்களை எக்செல்லில் ஏற்ற வேண்டும்.

பிரச்சினை அடுக்குகளில்தான். எழுத்து ரொம்பப் பொடி. 10-க்கு மேலே இருக்க வேண்டிய எண் பல இடங்களில் கீழே இறங்கி வரியோடு ஒட்டிவிட்டது. 10⁸ என்பது 108 மாதிரி தெரிகிறது. 6, 8, 9 எல்லாம் ஒரு புள்ளியாக அடைத்துக்கொண்டிருக்கின்றன. டைல்யூஷன் காலத்தில் சில வரிகளில் மைனஸ் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. 4, 8, 12, 16 மணி நேர வரிகளில்தான் சந்தேகம். இதை எப்படிச் சரியாகப் படிப்பது?

கோடுபோட்டநோட்டு:
வேர்டில் எண்ணைத் தேர்வு செய்து Ctrl+Shift+= அழுத்தினால் மேலே ஏறிவிடும். திரும்ப அழுத்தினால் இறங்கிவிடும். எக்செல்லில் Format Cells போய் Superscript டிக் செய்யுங்கள்.

மாவுப்பானை:
நன்றி அண்ணா. ஆனால் தட்டச்சு செய்வதில் சிக்கல் இல்லை. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியவில்லை.

இயற்பியல் வாத்தியார்:
எனக்கும் இதே தொல்லை உண்டு. பிளஸ் டூ பையன்கள் நோட்ஸை ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பார்கள். பிளாங்க் மாறிலி 6.63 × 10⁻³⁴ என்பதை 10⁻³⁹ என்று எழுதிவிட்டு வருவார்கள். எலக்ட்ரானின் மின்னூட்டம் 10⁻¹⁹ என்பது 10⁻¹⁴ ஆகிவிடும். 4-உம் 9-உம் பொடியாக எழுதினால் ஒரே மாதிரிதான். புத்தகத்தின் பின்பக்க அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிந்தது வேலை. நீங்களும் வெளியான கட்டுரைகளில் இட்லி மாவுக்கு என்ன மதிப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் வருவதை எடுத்துக்கொள்ளுங்களேன்.

தட்டு எண்ணுபவர்:
சார், மாறிலிக்கு அது சரி, அதன் மதிப்பு ஏற்கெனவே தெரியும். இங்கே மதிப்பைக் கண்டுபிடிக்கத்தானே சோதனையே செய்தார்கள்? கட்டுரையைப் பார்த்து அடுக்கைத் தேர்ந்தெடுத்தால், கடைசியில் ‘எங்கள் முடிவு அந்தக் கட்டுரையோடு ஒத்துப்போகிறது’ என்று எழுதுவதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

தங்கச்சி, முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். தட்டில் எவ்வளவு மி.லி. பரப்பினார்கள்? காலனி எண்ணிக்கை தெளிவாக இருக்கிறதா? லாக் மதிப்புக்குத் தனி காலம் இருக்கிறதா?

மாவுப்பானை:
அக்கா, முதல் பக்கத்திலேயே 0.1 மி.லி. என்று இருக்கிறது, எம்.ஆர்.எஸ். அகாரில் பரப்பியிருக்கிறார். காலனி எண்ணிக்கை பெரிய எழுத்தில் தெளிவாக இருக்கிறது. லாக் காலம் 8, 12 மணி வரிகளில் படிக்க முடிகிறது. 4 மணி வரியில் கறை. 16 மணி வரியில் அந்த இடம் காலி.

8 மணி: காலனி 143, அதற்கடுத்த தட்டில் 12. முடிவு 1.43 × 10-க்கு மேல் ஏதோ ஒன்று. லாக் 8.16.
12 மணி: 168, அடுத்து 15. முடிவு 1.68 × 10-க்கு மேல் 8 அல்லது 9. லாக் 9.23.
4 மணி: 61, அடுத்து 7. முடிவு 6.1 × 10-க்கு மேல் 6 அல்லது 8.
16 மணி: 21 மட்டும். முடிவு 2.1 × 10-க்கு மேல் 8 அல்லது 9.

தட்டு எண்ணுபவர்:
லாக் காலம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். லாக் மதிப்பில் புள்ளிக்கு முன்னால் வரும் எண்தான் அடுக்கு. அவர் பொடியாக மேலே எழுதியதையே அங்கே முழு அளவில் எழுதியிருக்கிறார். 8.16 என்றால் அடுக்கு 8. 9.23 என்றால் 9. அதோடு விடாமல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். 1.43-இன் லாக் 0.155, அது 0.16 ஆகச் சுருங்கும். 1.68-க்கு 0.225, அது 0.23. இரண்டும் பொருந்துவதால், லாக் எண் பக்கத்து வரியிலிருந்து நழுவி வந்ததல்ல, அதே வரிக்குரியது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது அந்த அடுக்கை வைத்து டைல்யூஷனைப் பின்னாலிருந்து கண்டுபிடிக்கலாம். 143 என்பது 1.43 × 10². 0.1 மி.லி.தான் பரப்பியதால் ஒரு மி.லி.க்கு மாற்ற பத்தால் பெருக்க வேண்டும், 10³ ஆகிறது. முடிவு 10⁸ என்றால் மீதி 10⁵ டைல்யூஷனிலிருந்து வந்திருக்க வேண்டும். அதாவது தட்டு 10⁻⁵. 12 மணிக்கு இதே கணக்கில் 10⁻⁶ வரும். எக்செல்லில் சரிபார்க்க:

```
=LOG10(143/(0.1*1E-5))
=LOG10(168/(0.1*1E-6))
```

8.155, 9.225 வர வேண்டும். பிறகு நோட்டின் டைல்யூஷன் காலத்துக்குப் போய், அந்த மங்கலான எழுத்து 5 ஆகவும் 6 ஆகவும் இருக்க இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் அந்த இரண்டு வரியும் முடிந்தது. அதைவிட முக்கியம், அவருடைய பொடி 5, பொடி 6, பொடி 8, பொடி 9 எப்படி இருக்கும் என்பதற்கு உங்களிடம் இப்போது நிச்சயமான மாதிரிகள் சேர்ந்துவிட்டன.

ஒன்றை மறக்கக் கூடாது. 1.43-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அடுக்கு தெரியாது. பத்தின் அடுக்கு மாறினாலும் முன்னால் உள்ள எண் அப்படியே இருக்கும். அடுக்கைத் தப்பாகப் படித்தால் வரிக்குள் வேறெதுவும் உறுத்தாமல் போவது அதனால்தான்.

மாவுப்பானை:
பார்த்தேன் அக்கா. 8 மணி வரியில் 5 தெளிவாகவே பொருந்துகிறது. 12 மணி வரியில் 6-உம் அப்படியே. ஆனால் அந்த வரியில் மைனஸ் இல்லை, 106 மாதிரி இருக்கிறது. அதை 10⁶ என்று எடுக்கலாமா?

ஸ்கேன்ராஜா:
மைனஸ் காணாமல் போவது பெரும்பாலும் ஸ்கேன் ஆப்பின் வேலை. கறுப்பு வெள்ளை மோடில் வைத்தால் ஒரு அளவுக்குக் கீழே மங்கலாக இருப்பதையெல்லாம் வெள்ளையாக்கிவிடும். மெல்லிய சின்னக் கோடுதான் முதலில் போகும். அந்த அளவுக்கு மேலே இருப்பதெல்லாம் முழுக் கறுப்பாகும், அப்போது 6, 8, 9-இன் ஓட்டை அடைத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் கையில் இருந்தால் கலர் மோடில், 600 டி.பி.ஐ.யில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் ஜெராக்ஸிலேயே அடைபட்டுப்போன ஓட்டையை எந்த ஸ்கேனும் திறக்காது. அதற்கு அசல் நோட்டு வேண்டும். அசலில் பால்பாயிண்ட் பேனா என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், அழுத்திய தடம் தெரியும்.

தட்டு எண்ணுபவர்:
ராஜா சொல்வது சரி. அதோடு, டைல்யூஷன் காலத்தில் 10⁶ என்று இருந்தாலும் பொருள் மாறாது. அங்கே நீர்க்கச் செய்ததைத்தான் குறிக்கிறார்கள், சிலர் மைனஸ் போடாமலே எழுதுவார்கள். முடிவுக் காலத்தில் மைனஸ் மாதிரி ஏதாவது தெரிந்தால்தான் கவனம் தேவை. இந்த எண்ணிக்கையில் எதிர்மறை அடுக்கு வரவே வராது, அது கறையாகவோ பெருக்கல் குறியின் வாலாகவோ இருக்கும்.

இன்னொரு பொறி: காலனிக் காலத்தில் 108 என்று இருந்தால் அது உண்மையிலேயே நூற்றெட்டுக் காலனியாக இருக்கலாம். 30-லிருந்து 300 வரை எண்ணத்தகுந்த எல்லைக்குள் அது வருகிறது. எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் 108-ஆ 10⁸-ஆ என்று முடிவுசெய்ய வேண்டும்.

புளிச்சமாவு:
இவ்வளவு கணக்கு எதற்கு? மாவு புளிக்கப் புளிக்க எண்ணிக்கை ஏறும். 8 மணிக்கு 10⁸ என்றால் 4 மணிக்கு 10⁶, 16 மணிக்கு 10⁹. ஏறுமுகமாக வைத்துப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

தட்டு எண்ணுபவர்:
4 மணிக்கு நீங்கள் சொல்வது பொருந்துகிறது. 6.1 × 10⁶-லிருந்து நான்கு மணி நேரத்தில் 1.43 × 10⁸ என்றால் ஏறக்குறைய 23 மடங்கு, நாலரை தடவை இரட்டித்திருக்கிறது. ஒரு இரட்டிப்புக்கு 53 நிமிடம், நம்பும்படி இருக்கிறது. 10⁸ என்று படித்தால், மாவு நன்றாகப் பொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எண்ணிக்கை கால்வாசியாக இறங்கியதாக ஆகும்.

ஆனால் 16 மணிக்கு அப்படிச் சொல்ல முடியாது. அமிலம் ஏறிய பிறகு எண்ணிக்கை நின்றும் போகலாம், இறங்கவும் செய்யலாம். ஏறும் என்று நாமே முடிவுசெய்து அடுக்கைப் போட்டுவிட்டு, பிறகு அந்தத் தரவை வைத்தே ஏறுகிறது என்று வரைபடம் போட்டால் அது சுற்றிச் சுற்றி வரும் வாதம். 4 மணிக்கும்கூட வேறு ஆதாரம் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. அந்தந்த நேரத்துக்கு எந்த டியூப்களிலிருந்து தட்டு போட்டார் என்று ஓரத்தில் எங்காவது குறித்திருக்கிறாரா?

மாவுப்பானை:
இருக்கிறது! இடது ஓரத்தில் 4 மணிக்கு “3, 4, 5” என்றும் 12 மணிக்கு “5, 6, 7” என்றும் இருக்கிறது. இதுவரை அது என்ன என்றே புரியவில்லை. 16 மணி இருக்கும் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.

தட்டு எண்ணுபவர்:
அப்படியென்றால் 4 மணி தீர்ந்தது. 61 காலனியில் 6.1 × 10⁸ வர வேண்டுமானால் தட்டு 10⁻⁶ ஆக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆறாவது டியூப்பிலிருந்து தட்டே போடவில்லை. நான்காவது டியூப் என்றால் 6.1 × 10⁶. அடுத்த தட்டில் 7 இருப்பதும் பத்தில் ஒரு பங்கோடு ஒத்துப்போகிறது.

16 மணிக்கு 21 காலனி 10⁻⁶ தட்டில் என்றால் 10⁸, 10⁻⁷ தட்டில் என்றால் 10⁹. பக்கத்துத் தட்டின் எண்ணிக்கை இல்லை, லாக் இல்லை, ஓரமும் இல்லை. 21 என்பது 30-க்குக் கீழே இருப்பதால் எண்ணிக்கையே அவ்வளவு உறுதியில்லை. நானாக இருந்தால் கலத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் இரண்டு வாசிப்பையும் குறித்துவைப்பேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கண்டுபிடிப்பது அவர் என்ன எழுதினார் என்பதை மட்டும்தான். 0.1-ஆல் வகுக்க மறப்பது இந்தக் கணக்கில் சாதாரணமாக நடக்கும். அப்போது அவர் எழுதிய அடுக்கும் நீங்கள் கணக்கிட்ட அடுக்கும் சரியாக ஒன்று வித்தியாசப்படும். அதனால் நோட்டில் உள்ளதை ஒரு காலத்திலும், காலனியிலிருந்து கணக்கிட்டதை இன்னொரு காலத்திலும் வையுங்கள். ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதாதீர்கள்.

புளிச்சமாவு:
16 மணிக்கு 10⁹ என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. 12 மணிக்கு 1.68, 16 மணிக்கு 2.1, இயல்பான நிலைநிற்றல்தானே.

தட்டு எண்ணுபவர்:
இருக்கலாம். நோட்டில் அதற்குச் சாட்சி இல்லை என்பதுதான் என் பேச்சு.

மாவுப்பானை:
மூன்று வரிகளை ஏற்றிவிட்டேன். இரண்டு காலமும் ஒத்துப்போகின்றன. 16 மணியைக் காலியாக விட்டிருக்கிறேன். அசல் நோட்டு துறை அலமாரியில் இருக்கலாம் என்று லேப் அசிஸ்டெண்ட் அண்ணா சொன்னார், திங்கட்கிழமை சாவி வாங்கித் தேடப்போகிறேன். கிடைத்தால் அந்த ஓரத்தின் படத்தை இங்கே போடுகிறேன்.