சுக்குப் பொடிச் சீட்டில் ‘ஈரப்பதம்’ என்று போடலாமா?

மீனாட்சி, கொழிஞ்சாம்பாறை:
எங்கள் பொடி மில்லின் சோதனைச் சீட்டைத் தமிழிலும் அச்சடிக்கப் போகிறோம். பொடியை 105 டிகிரி ஓவனில் வைத்து, எடை இனி இறங்காது என்று நிற்கும்வரை காயவைத்து, குறைந்ததைச் சதவீதமாக எழுதுகிறோம். மலையாளச் சீட்டில் ‘ஈர்ப்பம்’ என்றே இருக்கிறது. தமிழில் ‘ஈரப்பதம்’ போதுமா?

கதிர்வேல், வேலந்தாவளம்:
போதும். போவது தண்ணீர்தானே? இல்லையென்றால் ‘காய்ச்சல் இழப்பு’ என்று வையுங்கள். ‘நெல்லு காய்ச்சல் பத்தலை’ என்று களத்தில் சொல்கிறோமே.

ராகவன், பாலக்காடு:
மருந்துப் பொடிச் சீட்டில் ‘காய்ச்சல் இழப்பு’ என்றிருந்தால் ஜுரத்துக்கு நல்லது என்று வாங்கிப் போவார்கள், கதிர்வேல்!

தண்ணீர் மட்டும் போவதில்லை. ஒரே சுக்குப் பொடியில் ஓவன் 12.5 காட்டியது, டொலுவீனோடு கொதிக்கவைத்துத் தண்ணீரை மட்டும் தனியே பிடித்து அளந்தபோது 10.8. மிச்சம் பெரும்பாலும் மணம் தரும் எண்ணெய். ஓவன் கதவைத் திறந்தாலே மூக்குக்குத் தெரியும். ‘ஈரப்பதம் 12.5’ என்று எழுதினால் நல்ல சுக்குக்கு ஈரச் சுக்கு என்ற கெட்ட பெயர் வரும். ‘உலர் எடையிழப்பு’ம் வேண்டாம், உலர்ந்தபின் இருக்கும் எடை குறைந்தது போலத் தொனிக்கிறது. ‘உலர்த்தல் இழப்பு’ என்பது என் வாக்கு.

சுலைகா, கோவிந்தாபுரம்:
என் சந்தேகம் வேறு. கீழாநெல்லிப் பொடிக்கு வந்த சீட்டில் ஒன்றுக்குச் ‘சாரம்’ 9.0, இன்னொன்றுக்கு 9.8. சாரம் அதிகமென்று இரண்டாவதை வாங்கினேன். சரிதானே?

மீனாட்சி:
ஐயோ, அது மலையாளச் சாரம், அதாவது சாம்பல்! நம் சாரம் இல்லை.

கதிர்வேல்:
அப்படியானால் 9.0தான் சுத்தம். மண் குறைவு.

ராகவன்:
அவசரம் வேண்டாம். சுலைகாம்மா, இரண்டுக்கும் உலர்த்தல் இழப்பு எவ்வளவு?

சுலைகா:
முதலாவதுக்கு 16, அடுத்ததுக்கு 8.

ராகவன்:
அதுதான் விஷயம். முதல் பொடியில் நூறு கிராமுக்கு 84 கிராம்தான் காய்ந்த சரக்கு. 9.0-ஐ 0.84-ஆல் வகுத்தால் 10.7. மற்றதில் 9.8-ஐ 0.92-ஆல் வகுத்தாலும் 10.7தான். முதலாவது சுத்தமாகத் தெரிந்தது நனைந்திருந்ததால். பூசணம் பிடிப்பதும் அதுதான்.

அப்புறம், சாம்பல் எல்லாம் மண்ணும் அல்ல. செடியின் சொந்த உப்பும் அதில் உண்டு. அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். உப்பு பெரும்பாலும் கரைந்துவிடும், மணல் தங்கும். கீழாநெல்லியை வேரோடு பிடுங்குகிறோம். கழுவாமல் அரைத்தால் இந்த எண் ஏறும்.

மீனாட்சி:
சரி, ‘உலர்த்தல் இழப்பு’, ‘மொத்தச் சாம்பல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கடைசி எண்ணுக்கு ‘அமிலத்தில் கரையாச் சாம்பல்’ என்றால் கட்டத்தில் அடங்காது.

கதிர்வேல்:
‘மணல் சாம்பல்’?

ராகவன்:
செடிக்குள்ளேயே சிலிக்கா இருந்தால் அதுவும் கரையாது. மூங்கிலிலைப் பொடிக்கு அந்தப் பெயரை வைத்தால் பொய்யாகிவிடும். யோசிக்கிறேன்.

சுலைகா:
நான் வாங்கினதைத் திருப்பித் தரவா, வேண்டாமா?