மூன்றாவது கேள்விக்கு எந்த ஆய்வு வடிவமைப்பு?

வணக்கம். திருவாரூர்க் கடைமடைப் பகுதியில் நேரடி நெல் விதைப்பு பற்றிய என் ஆய்வு முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது.

விவசாயிகள் ஏன் நடவை விட்டார்கள் என்பதற்குத் தேடலாய்வாகப் பத்துப் பேரிடம் நீண்ட உரையாடல். எத்தனை பேர் மாறினார்கள் என்பதற்கு விவரிப்பாய்வாகக் கணக்கெடுப்பு. இவை சரியாம். ‘நேரடி விதைப்பால் மகசூல் குறைகிறதா?’ என்பதற்கும் அதே கணக்கெடுப்பை எழுதியதுதான் தவறு. கோபப்பட்டேன், ஆனால் நெறியாளர் சொன்னது நியாயம். தண்ணீர் தாமதமாக வரும் வயல்காரர்தான் நேரடியாக விதைக்கிறார். மகசூல் குறைந்தால் பழி விதைப்புக்கா, தண்ணீருக்கா?

ஒரே விவசாயியின் வயலை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் விதைப்பு, எதில் நடவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாமா? நடுவரப்பில் நீர் கசிந்தால் ஒப்பீடு கெடுமே, என்ன செய்வது? வயலில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.