அம்மா வாயால் சொன்னது செல்லுமா? வீடு, பெட்டிச் சாவி, பெயர் எழுதிய பொட்டலங்கள்

பாளை மகள்:
நாங்கள் கிறிஸ்தவர்கள். அண்ணன், அக்கா, நான் என மூன்று பிள்ளைகள். அப்பா முன்பே காலமாகிவிட்டார். புற்றுநோயில் கிடந்த அம்மாவை நான்தான் வைத்துப் பார்த்தேன். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, தன் பெயரில் உள்ள வீடு எனக்குத்தான் என்று பாஸ்டர் முன்னால் சொன்னார். இன்னொரு நாள் இரும்புப் பெட்டியின் சாவியை என் கையில் கொடுத்து, "நான் போயிட்டா உள்ளே இருக்கிறது உனக்கு" என்றார். சாவி அது ஒன்றுதான். வளையல்களை இரண்டு பொட்டலமாகக் கட்டி, பேத்திகள் இருவரின் பெயரையும் எழுதித் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். உயில் கிடையாது. இப்போது அண்ணன் எல்லாமே மூன்று பங்கு என்கிறார். அம்மாவின் கடைசி வார்த்தைக்கு மதிப்பே இல்லையா?

நெல்லைச் சீமை:
தாராளமாகச் செல்லும். சாகப்போகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று கோர்ட்டே மரண வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்கிறது. பாஸ்டர் சாட்சி சொன்னால் போதும்.

பழைய வக்கீல்:
மரண வாக்குமூலம் என்பது ஒருவர் தன் சாவுக்கு என்ன காரணம், யார் காரணம் என்று சொல்வது. சொத்து யாருக்கு என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மகளே, உங்கள் அம்மா செய்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். உயில் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிரோடு இருக்கும்போதே வீட்டைத் தானமாகக் கொடுத்திருந்தால் அது பதிவாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாததால், பாஸ்டர் எத்தனை முறை சொன்னாலும் வீடு மூன்று சம பங்குதான்.

சாவி விஷயம் வேறு. அதே சட்டத்தின் 191ஆம் பிரிவு, சாவை எதிர்பார்த்துக் கொடுக்கும் தானத்தை ஒத்துக்கொள்கிறது. அசையும் பொருளாக இருக்க வேண்டும். நோயில் கிடப்பவர், தான் இறந்தால் நீ வைத்துக்கொள் என்று பொருளைக் கைமாற்றியிருக்க வேண்டும். பெட்டிச் சாவியைக் கொடுத்தால் பெட்டியும் உள்ளே இருப்பதும் சேரும் என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. அதே பிரிவின் அடுத்த உதாரணம்தான் உங்கள் வளையல் பொட்டலம்: பெயர் எழுதி வைத்தார், உயிரோடு இருக்கும்போது கொடுக்கவில்லை, ஆகவே அந்தப் பெயர்க்காரர்களுக்கு உரிமை இல்லை. வளையல்களும் மூன்று பங்குக்குள் வந்துவிடும். பேத்திகளுக்குக் கொடுப்பது நீங்கள் மூவரும் மனமொத்துச் செய்ய வேண்டிய காரியம்.

காயல் மருமகன்:
எங்கள் வீட்டிலும் இதே கதை. மாமா படுக்கையில் இருந்தபோது ஒரு கடையை வாயால் சொல்லி எனக்குக் கொடுத்து, சாவியையும் ஒப்படைத்தார். மாமா பிள்ளைகள் ஒப்பவில்லை. அப்படியானால் எனக்கும் ஒன்றுமில்லையா?

பழைய வக்கீல்:
உங்களுக்கு முஸ்லிம் சட்டம். அங்கே வாய்மொழித் தானம் கடைக்கும் செல்லும், கைவசம் கொடுத்திருந்தால் போதும். ஆனால் மரண நோயில் கொடுத்தது என்றால், அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதம் வேண்டும். கடையின் மதிப்பு அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் கணக்குப் பாருங்கள். பாளை மகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பாளை மகள்:
ஐயா, பெட்டிக்குள் நகையோடு வீட்டுப் பத்திரமும் இருக்கிறது. அப்படியானால் வீடும் வருமா? இன்னொன்று. ஆஸ்பத்திரிச் செலவுக்காக அம்மா ஒரு முறை சாவியை வாங்கிப் பணம் எடுத்துவிட்டு, மறுநாள் திரும்பக் கொடுத்தார்.

பழைய வக்கீல்:
இங்கிலாந்தில் 1991இல் இப்படியே ஒரு வழக்கு வந்தது. இறக்கும் தறுவாயில் இருந்தவர் பத்திரம் இருந்த இரும்புப் பெட்டியின் சாவியைக் கொடுத்திருந்தார், வீடே சாவி வாங்கிய பெண்மணிக்கு என்று அப்பீல் கோர்ட் சொன்னது. நம் 191ஆம் பிரிவு அசையும் பொருளோடு நின்றுவிடுகிறது. பத்திரக் காகிதம் உங்கள் கையில் இருந்தாலும் வீடு பொதுவில்தான்.

சாவியைத் திரும்ப வாங்கியதுதான் எனக்குக் கவலை. கொடுத்தவர் இந்தத் தானத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அண்ணன் தரப்பு, அன்றோடு தானம் முடிந்தது, இரண்டாம் முறை பத்திரமாக வைக்கத்தான் கொடுத்தார் என்று வாதிடும். திரும்பக் கொடுக்கும்போது அம்மா என்ன சொன்னார்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? பலன் அடைகிறவர் நீங்கள், உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் கோர்ட் லேசில் ஏற்காது.

பாளை மகள்:
நர்ஸ் அக்கா இருந்தார். "வச்சுக்கோ" என்று மட்டும் அம்மா சொன்னார்.

பழைய வக்கீல்:
அந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் இழுபடும். நர்ஸிடம் பேசிப் பாருங்கள், நீங்களாக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் தெரியாமல் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். இருவரையும் வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு ஒரு வழி விடுதலைப் பத்திரம். அக்கா மட்டும் சம்மதித்துத் தன் பங்கைப் பதிவு செய்து விட்டுக்கொடுத்தாலும் உங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடும். வாயால் "விட்டுட்டேன்" என்று அவர் சொல்வதும் அம்மா சொன்னது போலத்தான், பதிவில்லாமல் நிற்காது.

பாளை மகள்:
அக்காவிடம் இன்று பேசுகிறேன். வளையலை அவர் மகளுக்குக் கொடுக்க எனக்குத் தடையில்லை. அண்ணன்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.